காது நன்றாகக் கேட்கிறது என்பவர்கள் செய்யும் தவறுகள்

அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

போன வாரம் பிறையில் எங்கள் பிரஸ் பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களைக் காது டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். மூன்று பேர் நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்து நின்றார்கள். பதினேழு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் போனேன். அதனால்தான் இன்று மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"நல்லாத்தானே கேட்குது?"

இரைச்சல் பெரும்பாலும் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய, கூர்மையான ஒலிகளை. பேச்சின் கனம் அதற்குக் கீழே இருப்பதால் ஆள் பேசுவது கேட்கும். ச, ஸ, த போன்ற ஒலிகள்தான் நழுவும். எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாக நமக்குத் தோன்றும். என் மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு, தெர்மாமீட்டர் பீப் அடித்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் கையில்தான் அது இருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் முதல் டெஸ்டுக்குப் போவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. உற்பத்தி நேரம் வீணாகக் கூடாது என்று காலை ஏழு மணிக்கு வெளியே வருபவரை எட்டு மணிக்கு டெஸ்டில் உட்கார வைக்கிறார்கள்.

இரவெல்லாம் இரைச்சலில் நின்ற காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். அதிக இரைச்சலை விட்டு 14 மணி நேரமாவது விலகியிருந்த பிறகுதான் முதல் டெஸ்ட் எடுக்க வேண்டும். பிறகு வருடா வருடம் எடுப்பதையெல்லாம் அந்த முதல் தாளோடுதான் ஒப்பிடுவார்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸில் காது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, சராசரி 10 டெசிபெல்லை எட்டினால் எச்சரிப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். எண் கூடினால் காது மந்தம். ஓய்வெடுத்துப் போனவருக்கு முதல் தாளில் 10, 10, 15. சில வருடம் கழித்து 15, 25, 35. வித்தியாசம் 5, 15, 20; சராசரி 13. உடனே பிடிபட்டுவிடும். அதே ஆள் ஷிப்ட் முடிந்து போயிருந்தால் முதல் தாளிலேயே 15, 20, 30 என்று இருந்திருக்கும். அதே 15, 25, 35 வரும்போது சராசரி வித்தியாசம் 3 தான். தாள் "மாற்றமில்லை" என்று சொல்லும்.

என் தாளும் பல வருடம் அப்படித்தான் சொன்னது. உள்காதில் செத்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

ஊகித்துப் பட்டனை அழுத்துவது

வேண்டாம். மெல்லிசாகக் கேட்டாலும் அழுத்துங்கள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தாளை வாங்காமல் வருவது

நகல் கேளுங்கள். வேறு ஆலைக்குப் போனாலும் முதல் தாள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த டெஸ்ட் தேதியில் யாருக்காவது நைட் ஷிப்ட் இருந்தால், சூப்பர்வைசரிடம் இன்றே சொல்லி மாற்றுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன்.