சாலையோர வடிகாலின் அளவு: புல்தரையைத் தனியாகக் கணக்கிடுங்கள்

சிங்கப்பூரில் சாலையோர வடிகாலுக்குச் சூத்திரம் எளிதுதான்:

Q = C × i × A / 360

பரப்பளவு A ஹெக்டேரில், மழையின் வேகம் i மணிக்கு மி.மீ.யில் என்றால், வடிகாலுக்கு வரும் நீரின் அளவு Q விநாடிக்குக் கன மீட்டரில் வரும். C என்பது ஓடிவரும் நீரின் பங்கு. பொதுப் பயனீட்டுக் கழக விதிமுறையில் சாலைக்கு 1.0.

0.4 ஹெக்டேர் சாலை, 0.2 ஹெக்டேர் புல்தரை (C 0.45), மழை மணிக்கு 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.4 + 0.09 = 0.49, Q சுமார் 0.27.

600 மி.மீ. அகலக் கான்கிரீட் வடிகால், 500க்கு 1 சரிவில், 500 மி.மீ. ஆழ நீரோட்டத்தில் ஏறக்குறைய 0.29 கொண்டுபோகும். சரி, போதும். அதற்கு மேல் 100 மி.மீ. காலி இடம் விடுங்கள்.

அப்புறம் யாராவது அந்தப் புல்தரைக்குக் கான்கிரீட் போட்டால்? Q 0.33 ஆகிவிடும், நீர் அந்தக் காலி இடத்துக்குள் ஏறும். அதனால் நடைபாதை வரும் இடமென்றால் முதலிலேயே 1.0 போடுவதுதான் நல்லது.