கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது இடையில் ரத்தம் கசிந்தால்: செய்யக்கூடாத தவறுகள்

மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம். அட்டை பாதிகூட முடியவில்லை, உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை தெரிகிறது. "இது எனக்கு ஒத்துக்கல" என்று பலரும் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் இதற்குத்தான் விளைவு பெரிது. அட்டையின் நடுவில் நிறுத்தினால் சினைப்பை மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். கறைக்குப் பயந்து நிறுத்தியவர், அடுத்த மாதம் நாள் தள்ளிப்போய் டாக்டரிடம் வருவார்.

இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையில் புரோஜெஸ்டின் கருப்பையின் உள்சவ்வை மெல்லியதாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வு நிலைத்து நிற்க உதவுகிறது. இந்தப் புதிய நிலைக்குச் சவ்வு பழகும்வரை அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஆங்காங்கே உடைந்து கசியும். பெரும்பாலானவர்களுக்கு இது 3 மாதத்துக்குள் குறைந்துவிடும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுவந்தால், கசிவு இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு குறைவதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் அந்த வாரத்தில் வரும் ரத்தம் எதிர்பார்த்ததுதான். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் 3 மாதத்துக்குள் வேறு மாத்திரைக்கு மாறுவது அடுத்த தவறு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சவ்வு புதிதாகப் பழக வேண்டும், 3 மாதக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு மாத்திரை என்று மாற்றிக்கொண்டே போனவருக்குக் கசிவு நிற்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

நேரத்தைக் கவனிக்காமல் மாத்திரையைக் குறை சொல்வது

மாத்திரையை மறப்பதும் தாமதமாகச் சாப்பிடுவதும் இடைக் கசிவுக்கு அடிக்கடி காணும் காரணங்கள். "நான் ஒரு நாள்கூட விட்டதில்லை" என்று சொல்பவரிடமும் எந்த மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 26 வயதுப் பெண், ஷிப்ட் வேலை. 20 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை, இப்போது ஐந்தாவது அட்டை. இன்னும் மாதத்தில் சில நாள் கசிவு. பகல் ஷிப்டில் இரவு 10 மணிக்குச் சாப்பிடுகிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் வேலை முடித்து வீட்டுக்கு வந்ததும் காலை 8 மணிக்கு. ஞாயிறு இரவு 10 மணிக்குச் சாப்பிட்டவர் அடுத்ததைச் செவ்வாய் காலை 8 மணிக்குச் சாப்பிட்டால் இடைவெளி 34 மணி நேரம். அவர் எண்ணிக்கையில் எதையும் விடவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் அளவே குறைவாக உள்ள மாத்திரையில் இவ்வளவு நேரம் தள்ளிப்போனால் ரத்தத்தில் ஹார்மோன் இறங்கி, ஓரிரு நாளில் கசிவு தெரியலாம். காலண்டரில் மாத்திரை சாப்பிட்ட மணியையும் கறை பட்ட நாளையும் சேர்த்துக் குறித்தால் இது உடனே புலப்படும். இவருக்கு முதல் வைத்தியம், இரண்டு ஷிப்டுக்கும் ஒத்துவருகிற இரவு 8 மணிக்கு அலாரம் வைத்துக்கொள்வது. அப்படியும் கசிந்தால் மட்டுமே மாத்திரையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

இரண்டோ அதற்கு மேலோ மாத்திரை தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் கசிவு மட்டும் பிரச்சினை இல்லை, பாதுகாப்பும் போய்விடும். நினைவு வந்ததும் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் மற்றதைத் தொடர்ந்து, 7 நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். ரத்தத்தை நிறுத்துவதற்காக ஒரே நாளில் மூன்று நான்கு மாத்திரை போடுவது குமட்டலைத்தான் தரும்.

வேறு மருந்து சாப்பிடுவதைச் சொல்லாமல் விடுவது

காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை ஈரல் இந்த ஹார்மோன்களை உடைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்குக் காசநோய் சிகிச்சை தொடங்கியபின் இடையில் ரத்தம் வந்தால், அது மாத்திரை உடம்பில் நிற்கவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். இங்கே கூடுதல் டோஸ் மாத்திரைக்கு மாறுவது தீர்வல்ல. காப்பர்-டி போன்ற வேறு முறை வேண்டும், ரிபாம்பிசினை நிறுத்திய பின்னும் 4 வாரம்வரை கவனம் வேண்டும். சளிக்கோ பல்வலிக்கோ தரும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் இப்படிச் செய்வதில்லை. அதனால் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால்தான் மாத்திரை உடம்பில் சேராமல் போகும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரத்தம் நிற்கும் மாத்திரையை வாங்கிப் போடுவது இன்னொன்று. அது பெரும்பாலும் டிரானெக்சாமிக் அமிலம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையே ரத்தம் உறையும் அபாயத்தைச் சற்றுக் கூட்டுவது. அதோடு இதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்த்துப் போடவே கூடாது.

பரிசோதிக்காமல் மாற்றுவது

3 மாதம் தாண்டியும் கசிவு நிற்காவிட்டாலோ, பல மாதம் சீராக இருந்தபின் திடீரென்று தொடங்கினாலோ மாத்திரையைத் தாண்டியும் தேட வேண்டும். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு கருப்பை வாயில் புண், கிளமிடியா போன்ற தொற்று, சதை வளர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி இருந்தால் 3 மாதம் காத்திருக்கவே வேண்டாம். கருப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் காட்டிக்கொள்ளும். "மாத்திரையாலதான்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

மாற்றினால் எப்போது பலன்

நேரம் சரி, வேறு மருந்து இல்லை, பரிசோதனையிலும் ஒன்றுமில்லை, 3 மாதமும் தாண்டிவிட்டது. மாற்றினால் பலன் எதிர்பார்க்கலாம் என்பது இந்த நிலையில்தான். 20 மைக்ரோகிராமில் இருப்பவரை 30-க்கு ஏற்றுவது முதல் படி, நம்பிக்கையுள்ள படியும்கூட. மேலே சொன்ன ஷிப்ட் பெண்ணுக்கு நேரத்தைச் சரிசெய்தும் கசிவு நீடித்தால் இதுதான் வழி.

மாலா-என்னில் ஏற்கெனவே 30 மைக்ரோகிராம் இருக்கிறது. அதில் கசிபவருக்கு ஈஸ்ட்ரோஜனை மேலும் ஏற்றுவதைவிட, புரோஜெஸ்டினை மாற்றிப் பார்ப்பது வழக்கம்: லெவோநார்ஜெஸ்ட்ரெலுக்குப் பதில் டெசோஜெஸ்ட்ரெல் அல்லது டிரோஸ்பிரினோன். இது சிலருக்குக் கைகொடுக்கும், எல்லோருக்கும் அல்ல. இதற்கு ஒரு விலையும் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை சாப்பிடும் 10,000 பெண்களில் ஆண்டுக்கு 5 முதல் 7 பேருக்கு ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு வருகிறது என்றால், அந்த இரண்டிலும் அது 9 முதல் 12 பேர். அபாயம் சிறியதுதான். ஆனாலும் எப்போதாவது வரும் ஒரு பழுப்புக் கறைக்காக இந்த மாற்றம் தேவையா என்று யோசித்தே செய்யவேண்டும். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர் ஈஸ்ட்ரோஜன் உள்ள எந்த மாத்திரைக்கும் மாறக்கூடாது. அவர்களுக்கு வேறு கருத்தடை முறைதான் பொருத்தம்.

மாறும்போது இடையில் நாள் விடக்கூடாது. பழைய அட்டையின் 21-வது ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்ட மறுநாளே புதிய அட்டையின் முதல் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்க வேண்டும். மாலா-என்னிலிருந்து மாறுபவர், மீதமுள்ள 7 இரும்புச்சத்து மாத்திரையை முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. புதிய மாத்திரைக்கும் 3 மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் கசிவு அப்படியே இருந்தால் மூன்றாவது மாத்திரையைத் தேடுவதைவிட, காப்பர்-டி பற்றியோ புரோஜெஸ்டின் உள்ள கருப்பைச் சாதனம் பற்றியோ டாக்டரிடம் பேசுவது நல்லது.