சப்ளையர் பில்லில் தவறு இருந்தால்: கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சப்ளையர் அனுப்பிய பில் நம் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பல அலுவலகங்களில் உடனே ஒற்றை வரியில் ஒரு மெயில் போகும்: "பில் தப்பாக இருக்கிறது, சரிசெய்து அனுப்பவும்." அந்தப் பக்கம் அதைப் படிப்பவருக்கு எந்த பில், எந்த வரி, எவ்வளவு வித்தியாசம் என்று எதுவும் தெரியாது. தன்மேல் பழி வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவர் பில்லைத் திறப்பதற்கு முன்பே "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் எழுதிவிடுவார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டி 450 என்ற விலையில் 120 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம். வந்து இறங்கியது 112. பில்லில் 120 பெட்டி, விலை 465, மொத்தம் 55,800 என்று இருக்கிறது. அளவிலும் வித்தியாசம், விலையிலும் வித்தியாசம்.

இங்கே பலர் கணக்கிலேயே சறுக்குகிறார்கள். வராத 8 பெட்டிக்கு 465 வீதம் 3,720. கூடுதலாகப் போட்ட 15-ஐ 120 பெட்டிக்குப் பெருக்கினால் 1,800. ஆக 5,520 குறைக்க வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வராத 8 பெட்டியின் முழுத் தொகையையும் ஏற்கெனவே கழித்தாயிற்று. அந்த எட்டுக்கும் சேர்த்து மறுபடி 15 கழித்தால் 8 × 15 = 120 என்ற தொகை இருமுறை கழிகிறது. விலை வித்தியாசத்தை வந்த 112 பெட்டிக்கு மட்டும் போட வேண்டும்: 1,680. அதோடு 3,720 சேர்ந்தால் 5,400. இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி, நியாயமாக வர வேண்டிய பில் தொகையை நேரடியாகப் போட்டுப் பார்ப்பதுதான்: 112 × 450 = 50,400. 55,800-இல் இதைக் கழித்தால் அதே 5,400. தவறைச் சுட்டிக்காட்டும் மெயிலிலேயே தொகை 120 தப்பாக இருந்தால், அதற்குப் பிறகு பேச்செல்லாம் அந்த 120 பற்றித்தான் நடக்கும்.

கணக்கு சரியானதும் மெயில் எழுத உட்காராதீர்கள். முதலில் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மீதி 8 பெட்டி அடுத்த நாள் வேறு வண்டியில் வந்து ஸ்டோரில் பதிவாகாமல் இருக்கலாம். விலை மாற்றத்துக்கு நம் பர்ச்சேஸ் ஆளே மெயிலில் சம்மதித்துவிட்டு, ஆர்டரைத் திருத்த மறந்திருக்கலாம். பில்லில் பெட்டிக் கணக்கும் ஆர்டரில் உருப்படிக் கணக்கும் இருந்தால் வித்தியாசம் இருப்பதுபோலத் தோன்றும். ஸ்டோரில் ஒருவரையும் பர்ச்சேஸில் ஒருவரையும் கேட்டால் இதெல்லாம் தெரிந்துவிடும். கேட்காமல் எழுதிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டால், அடுத்த முறை நாம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அதற்கு மதிப்பு இருக்காது.

அடுத்தது ஆதாரம். பெரும்பாலும் நம்முடைய எக்செல் ஷீட்டையோ ஸ்டோர் பதிவேட்டையோ அனுப்புகிறோம். அது நாமே எழுதியது. அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர்களிடமிருந்து வந்த தாள், அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட தாள், இரண்டும்தான் பேசும். விலைக்கு அவர்களுடைய கொட்டேஷன் அல்லது ஆர்டரை ஏற்றுக்கொண்ட மெயில். அளவுக்கு, "112 மட்டும் பெறப்பட்டது, 8 குறைவு" என்று எழுதி டிரைவரும் கையெழுத்திட்ட டெலிவரி சலான். கொட்டேஷனில் விலை எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஆர்டர் கொடுத்திருந்தால் 465 தவறாகவே இல்லாமல் போகலாம்.

எண்ணிப் பார்க்காமல் "நல்ல நிலையில் முழுமையாகப் பெறப்பட்டது" என்று நம் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால் நம் ஆதாரம் பலவீனமானது. அதை மறைத்துச் சலானை அனுப்பாமல் விட்டால், அவர்கள் தங்கள் நகலை எடுத்து நீட்டுவார்கள். "சலானில் முழு அளவு என்று கையெழுத்தாகியிருக்கிறது, அன்று மாலை எண்ணியபோது 112 இருந்தது. உங்கள் கிடங்கிலிருந்து எத்தனை ஏற்றினார்கள் என்று பார்க்க முடியுமா?" என்று நாமே சொல்லிக் கேட்பதுதான் நல்லது.

ஆர்டர், சலான், பில், பழைய மெயில்கள் என்று எல்லாவற்றையும் இணைப்பதும் வேண்டாம். சம்பந்தப்பட்ட பக்கம் மட்டும், அந்த வரியைச் சுற்றிக் குறியிட்ட நகல் போதும். குறியீடு நகலில்தான் இருக்க வேண்டும். மூல பில்லில் எதையும் அடிக்கவோ திருத்தவோ கூடாது.

மெயில் இப்படி இருக்கலாம்:

> வணக்கம். மார்ச் 4 தேதியிட்ட உங்கள் பில் எண் 2071 கிடைத்தது. ஆர்டரோடு ஒப்பிட்டபோது இரண்டு இடங்களில் வித்தியாசம் தெரிகிறது.
>
> அளவு: பில்லில் 120 பெட்டி. மார்ச் 2 டெலிவரி சலானில் 112 பெட்டி, 8 குறைவு என்ற குறிப்பு இருக்கிறது.
>
> விலை: பில்லில் 465. மார்ச் 31 வரை செல்லும் உங்கள் பிப்ரவரி 18 கொட்டேஷனில் 450.
>
> எங்கள் கணக்குப்படி 112 பெட்டிக்கு 50,400 வருகிறது; பில்லைவிட 5,400 குறைவு, வரி தனி. எங்களுக்கு வராத தகவல் ஏதாவது இருந்தால் தெரிவியுங்கள். இல்லையென்றால் 5,400-க்கும் அதற்குரிய வரிக்கும் கிரெடிட் நோட் அனுப்ப வேண்டுகிறோம். பணம் செலுத்தக் கடைசி நாள் ஏப்ரல் 3 என்பதால் மார்ச் 20-க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். சம்பந்தப்பட்ட பக்கங்களை இணைத்திருக்கிறோம்.

இதில் "நீங்கள் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்" என்ற வாக்கியம் இல்லை. பில் இதைச் சொல்கிறது, சலான் அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அவர்கள் விளக்கம் சொல்ல இடமும் இருக்கிறது. பணிவு என்பது "தவறாக நினைக்க வேண்டாம்" என்று மூன்று முறை எழுதுவதில் இல்லை. அப்படி எழுதினால் கேட்க வந்த விஷயம் உள்ளே புதைந்துபோகும். முதல் மெயிலிலேயே அவர்கள் மேலாளரை நகலில் சேர்ப்பது பணிவு முழுவதையும் கெடுத்துவிடும். பில் போட்டவருக்கோ அவர்களது அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கோ மட்டும் அனுப்புங்கள். சொன்ன தேதிக்குள் பதில் வரவில்லையென்றால் மேலே போகலாம்.

பணத்தை நிறுத்துவதில் இருவிதத் தவறு நடக்கிறது. 5,400-க்காக முழு பில்லையும் நிறுத்திவைப்பது ஒன்று. சொல்லாமல் 50,400-ஐ மட்டும் அனுப்புவது மற்றொன்று. அவர்கள் லெட்ஜரில் 5,400 பாக்கியாக நின்று, நினைவூட்டல் வரும், அடுத்த சரக்கும் நின்றுபோகலாம். தகராறு இல்லாத தொகையை அதற்குரிய வரியோடு கெடுவுக்குள் அனுப்பி, எந்த பில்லுக்கு எவ்வளவு, எது ஏன் நிற்கிறது என்று கூடவே எழுதிவிடுங்கள். பகுதித் தொகை வாங்க அவர்கள் முறை இடம்கொடுக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

தவறு நமக்குச் சாதகமாக இருந்தாலும், 120 வந்து 112-க்குத்தான் பில் என்றாலும், இதே மாதிரி எழுத வேண்டும். அவர்கள் ஆண்டுக் கணக்கு பார்க்கும்போது எப்படியும் வெளியே வரும்.

கிரெடிட் நோட் வந்தால் அதில் மூல பில் எண் 2071 இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாகத் திருத்திய பில் வந்தால், பழையதை ரத்து செய்ததாக எழுத்தில் வாங்கி, நம் கணக்கிலும் அதை முடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் பணம் போகும். திருத்திய பில்லில் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தால் அப்படியே நிறுத்துங்கள். மெயிலுக்குள் புகுந்து, இப்படி நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்கு நடுவே போலிக் கணக்கைச் செருகும் மோசடி உண்டு. அந்த மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, முன்பே நம்மிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகே பணம் போக வேண்டும்.