தாய் வருமா, ஓ வருமா?

ஜப்பானிய மொழியில் வினையின் முடிவில் ‘தாய்’ வருமா, ‘ஓ’ வருமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். சொல்வது விருப்பமா, முடிவா என்று பார்க்கத் தொடங்கியதும் எனக்கு இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஒரே வினையை இரண்டு விதமாகவும் எழுதிப் பழகினேன்.

‘நிஹோன் எ இகிதாய் தெஸ்’ என்றால் ஜப்பானுக்குப் போக ஆசை, அவ்வளவுதான். ‘ரைநென், நிஹோன் எ இகோ தோ ஒமொத்தெ இமஸ்’ என்றால் அடுத்த ஆண்டு போவதாக மனதில் முடிவெடுத்திருக்கிறேன்.

அமைப்பு எளிது: ‘போகிறேன்’ என்னும் இகிமஸில் ‘மஸ்’ போய் ‘தாய்’ வரும். ஓ வடிவத்துக்கு, அதே வினையின் அகராதி வடிவமான இகுவின் ‘கு’ நீண்டு ‘கோ’ ஆகும். சாப்பிடுவதைக் குறிக்கும் தபெரு போன்றவற்றில் ‘ரு’ போய் ‘யோ’ வரும்: தபெயோ.

அப்புறம், அடுத்தவர் ஆசையை ‘தாய்’ என்று நேராக முடிக்கக் கூடாது. ‘தனகா-சான் வா இகிதாய் தோ இத்தெ இமஸ்’, அதாவது தனகா போக விரும்புவதாகச் சொல்கிறார். ‘ஓ தோ ஒமொத்தெ இமஸ்’ அவருக்கும் பொருந்தும். ‘ஓ தோ ஒமொஇமஸ்’ பேசுபவருக்கு மட்டும்.