போனிலேயே எடிட் செய்யலாமா, லேப்டாப் வாங்க வேண்டுமா?

வீடியோ எடிட்டிங் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்த ஆப் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடுத்து வைத்திருக்கும் காட்சி மொத்தம் எத்தனை நிமிடம்?

படி 1: நிமிடத்தைக் கூட்டுங்கள்

போனில் 1080p, 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி ஆகும். ஒரு நிமிட ரீல்ஸுக்கு 10 நிமிடம் எடுத்தாலும் 1.3 ஜிபிதான். எல்லாம் ஒரே போனில் எடுத்தது, நிமிர்ந்த வடிவம், பார்ப்பவரும் போனில்தான் பார்க்கப்போகிறார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, போன் போதும். விஎன் ஆப்பில் காசு கட்டாமலே வாட்டர்மார்க் இல்லாத வீடியோ கிடைக்கும். இன்ஷாட், கைன்மாஸ்டர் இரண்டிலும் இலவசமாக எடுத்தால் அவர்கள் முத்திரையும் கூடவே வரும். அதனால் எந்த ஆப்பையும் பழகுவதற்கு முன் பத்து விநாடி வீடியோ ஒன்றைச் சேமித்துப் பார்த்துவிடுங்கள்.

படி 2: எத்தனை கேமரா, எத்தனை ஒலி என்று பாருங்கள்

போன் திணறத் தொடங்குவது இங்கேதான். ஒரு உதாரணம். தங்கை மகளின் அரங்கேற்றம், 90 நிமிடம். இரண்டு போனில் எடுத்தோம், ஒலி தனியாக ஒரு ரெக்கார்டரில். ஒரு போனுக்கு 11.7 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 23 ஜிபியைத் தாண்டிவிட்டது. எடிட் செய்து முடித்ததைச் சேமிக்க இன்னும் பத்து ஜிபியாவது காலி இடம் வேண்டும். பிடிவாதமாகப் போனிலேயே செய்து பார்த்தேன். எக்ஸ்போர்ட் பாதிக்கு மேல் போன பிறகு ஆப் மூடிக்கொண்டது, இரண்டு முறையும். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தேன்.

காட்சி அரை மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரண்டு கேமராவை ஒன்றோடொன்று பொருத்த வேண்டியிருந்தாலோ கணினிக்குப் போய்விடுங்கள் என்பது என் கணக்கு.

படி 3: மென்பொருளுக்கு முன் இயந்திரத்தைப் பாருங்கள்

கணினி என்றாலே செலவு என்று நினைக்க வேண்டாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஆரம்பக்காரருக்கு அதிகம். ஆனால் அதற்கு 16 ஜிபி ராமும் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள வீட்டு லேப்டாப்பில் அதைப் போட்டுவிட்டு 'எடிட்டிங்கே எனக்கு வராது' என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 8 ஜிபி என்றால் ஷாட்கட் போடுங்கள். அதுவும் இலவசம், 1080p வேலைக்குத் தாங்கும். காட்சி விட்டுவிட்டு ஓடினால் Settings மெனுவில் Proxy என்பதற்குள் Use Proxy-ஐத் தேர்ந்தெடுங்கள். எடிட் செய்யும்போது மட்டும் சிறிய நகலைக் காட்டும், கடைசியில் சேமிப்பது அசல் தரத்தில்தான்.

மாதச் சந்தா கட்டும் மென்பொருள்? அடுத்தவர் காசு கொடுத்து வேலை தரும் வரை வேண்டாம்.

படி 4: போன் வீடியோவைக் கணினிக்கு ஏற்ப மாற்றுங்கள்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வெளிச்சத்துக்கு ஏற்பவும் வேறு காரணங்களாலும் போன் ஒரு விநாடிக்கு எடுக்கும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கணினி மென்பொருளோ அது ஒரே சீராக இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. அதனால் அரங்கேற்ற வீடியோவில் முதல் பாட்டில் சரியாக இருந்த தட்டுக்கழி ஓசை, இருபதாவது நிமிடத்தில் கை அசைவுக்கு முந்திக்கொண்டது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் நீங்கள் ஒலியைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள், நகர்த்தினால் போதும். போகப்போக விலகல் கூடினால், பெரும்பாலும் ஃபிரேம் சிக்கல்தான். இப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது ஷாட்கட்டே எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவில் மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். மாறிய கோப்பு அசலைவிடப் பல மடங்கு பெரிதாகலாம், ஆகவே முதலில் டிஸ்கில் இடம் பாருங்கள். ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் Video பக்கத்தில் Constant Framerate தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். இதை வெட்டத் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். நான் பாதி வெட்டிய பிறகு செய்தேன், எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று.

படி 5: கையில் உள்ள பணம்

செலவழிக்கப் பத்தாயிரத்துக்குள்தான் இருக்கிறது, வீட்டில் லேப்டாப் இல்லை என்றால் போனிலேயே இருங்கள். அந்தப் பணத்தில் ஒரு காலர் மைக்கும் ஸ்டாண்டும் வாங்கலாம். லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் முதல் செலவு ஒரு வெளி எஸ்எஸ்டி. எங்கள் அரங்கேற்றத்துக்கு நான் வாங்கியது அது ஒன்றுதான்.