கேஸ் ஸ்டடியை ஐந்து பேர் பிரித்துப் பேசுவது எப்படி? நானோ காரை வைத்து ஒரு செய்முறை

கேஸ் ஸ்டடி கைக்கு வந்ததும் பல குழுக்கள் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாலு பேர் நிறுவனத்தின் கதையைச் சொல்லி முடிப்பார்கள். ஐந்தாவது ஆள் "எங்கள் பரிந்துரை" என்று ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்துவிடும். பக்கங்களை விட்டுவிட்டு, கேள்விகளைப் பங்கு போடுங்கள். டாடா நானோ கேஸை 15 நிமிடத்தில் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

2010 ஜூலையில் சுமார் 9,000 விற்ற நானோ, நவம்பரில் வெறும் 509 விற்றது. நானோவுக்கான குஜராத் சானந்த் ஆலையோ ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்களுக்காகக் கட்டப்பட்டது. ஆக, கேள்வி: "2010 டிசம்பரில் டாடா மோட்டார்ஸ் நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?" நிறுவனம், மாதம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'நானோ ஏன் தோற்றது' என்று பின்னாலிருந்து தீர்ப்பு சொல்லும் பேச்சாகிவிடும்.

2. ஸ்லைடுக்கு முன் பதிலை முடிவு செய்யுங்கள்

சில கார்கள் தீப்பிடித்த செய்தியால் வந்த பயம், பைக்கிலிருந்து காருக்கு மாற நினைத்தவர்களுக்குக் கடன் கிடைக்காதது, 'மலிவான கார்' என்ற முத்திரை. இவைதான் காரணங்கள் என்று நீங்கள் நம்பினால் விலைக்குறைப்பு சரியான தீர்வில்லை. பயந்தவருக்குத் தள்ளுபடி கொடுத்தாலும் பயம் போகாது. நீண்ட உத்தரவாதமும் கடன் ஏற்பாடும் பொருந்தும்.

3. இப்போது ஆட்கள்

முதல் ஆள் சிக்கலைச் சொல்லட்டும், 2 நிமிடம். இரண்டு மூன்று எண்கள்தான். பதற்றப்படுபவருக்கு இதைக் கொடுக்கலாம். அடுத்தவர் காரணங்கள், 4 நிமிடம். மூன்றாமவர் மாற்று வழிகளை எடுத்து, ஏன் வேண்டாம் என்று வாதிடுவார், 3 நிமிடம். என் கணக்கில் குழுவிலேயே கூர்மையான ஆள் இங்கேதான் நிற்க வேண்டும். நான்காமவர் பரிந்துரையும் அதை நடத்தும் விதமும், 4 நிமிடம். ஐந்தாமவர் கடைசி 2 நிமிடம் செலவும் அபாயமும். கேள்வி நேரத்தையும் அவரே நடத்துவார்.

4. கைமாற்றும் வரியை எழுதிவையுங்கள்

"அடுத்து நம் நண்பர் பேசுவார்" என்பது போதாது. "காரணம் பயம் என்றால் விலையைக் குறைத்துப் பயனுண்டா? அதைப் பார்ப்போம்" என்று இரண்டாமவர் முடிக்க வேண்டும். இப்படி ஒரு வரி எழுத வரவில்லையா? அந்த இடத்தில் உங்கள் வாதத்திலேயே ஓட்டை இருக்கிறது. மறுபடி இரண்டாம் படிக்குப் போங்கள்.

5. கடிகாரம் வைத்து ஒத்திகை

நேரம் மீறினால் காரணங்களில் வெட்டுங்கள், பரிந்துரையில் கை வைக்காதீர்கள். அப்புறம், ஒரு கேள்வி பெரும்பாலும் வரும்: "நிஜத்தில் என்ன நடந்தது?" நிறுவனம் உத்தரவாதத்தை நான்கு ஆண்டாக நீட்டித்தது, கடன் வசதியும் செய்தது. விற்பனை கொஞ்ச காலம் ஏறியது. 2018-ல் உற்பத்தி நின்றேபோனது. "அப்படியென்றால் உங்கள் பரிந்துரை தோற்றதுதானே?" என்று அடுத்து மடக்குவார்கள். உத்தரவாதம் பயத்தைத்தான் போக்கும், 'மலிவான கார்' முத்திரையைப் போக்காது என்ற பதிலை ஐந்தாமவர் தயாராக வைத்திருக்கட்டும்.