தொடை உளைந்தால் சைக்கிள் மிதியுங்கள், குளக்கட்டைத் தள்ளிப்போடுங்கள்

குளக்கட்டில் ஏறி இறங்கும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கி, அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ தொடை உளைந்தால், படுத்துவிடாமல் 20 நிமிடம் சமதரையில் மெதுவாகச் சைக்கிள் மிதியுங்கள். குளக்கட்டில் ஏறுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். கதிரையிலிருந்து கை ஊன்றாமல், பெரிதாக நோகாமல் எழும்ப முடிகிற நாளில், முதலில் செய்ததில் பாதியோடு திரும்பத் தொடங்கலாம்.

பலர் நினைப்பதுபோல, பயிற்சியின்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் இந்த நோவுக்குக் காரணமில்லை. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குறைந்துவிடும். வன்னியில் மேடு என்றால் பெரும்பாலும் குளக்கட்டுதான். அதில் ஏறும்போது மூச்சு வாங்கினாலும், நோவைத் தருவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்குவதால் இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகி, அது ஆறும் நாட்களில் உளைகிறது. சைக்கிள் மிதிப்பது நோவைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே இறக்கத்தை அடுத்த வாரம் செய்தால் நோ நன்றாகவே குறைந்திருக்கும்.

பயிற்சியின் நடுவிலேயே சுரீரென்று குத்தினால், மூட்டு வீங்கினால், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கினால் இந்த ஆலோசனை பொருந்தாது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.